யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மோட்டார் சைக்கிளில்: முதலில் களைப்பது எது?

தூரப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிள் பார்க்கப் போகும் எங்கள் ஊரவர்கள் கடையில் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். தாங்கியை நிரப்பினால் எவ்வளவு தூரம் ஓடும்? இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாக விளங்கும். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலத்தில், ஒரு மூடி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். 2022 இல் செட்டுக்கு முன்னால் இரவிரவாக வரிசையில் நின்றதும், பிறகு கியூஆர் முறையில் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கியதும் இன்னும் மறக்கவில்லை. பெற்றோல் தீர்ந்துவிடுமோ என்ற பயம் எங்கள் எலும்புக்குள் இருக்கிறது.

ஆனால் பல வருடங்களாக இந்த வீதியில் ஓடிய பிறகு எனக்குத் தெரியவந்தது வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இந்தத் தூரத்தில் பெற்றோல் தீர்ந்து நின்றவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை உருட்டிக்கொண்டு, வீதியோர மரத்தடியில் நின்றவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன். வண்டிக்கு ஒரு தூரம் இருப்பதுபோல உடம்புக்கும் ஒரு தூரம் இருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுதான் பயணத்தின் உண்மையான நீளம். எங்கள் வீதியில் அது எப்போதும் உடம்பின் தூரம்தான்.

கோப்பாயில் எனக்குத் தம்பி முறையான ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவியின் தாய் வெள்ளவத்தையில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் போய்வர வேண்டும். பஸ்ஸில் இரவு முழுக்கப் போவது மனைவிக்கு ஒத்துவரவில்லை. "அண்ணை, எந்த பைக் எடுத்தால் ரெண்டு பேரும் வடிவாகப் போய்ச் சேரலாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, மூன்று வண்டிகளில் போய்ப் பார்ப்போம் என்றேன். ஒன்று அவரிடமே இருந்த பல்சர் 150. மற்ற இரண்டும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியவை, அவெஞ்சர் 220 குரூஸ் ஒன்றும் ஹிமாலயன் 411 ஒன்றும். மூன்று பயணமும் ஆனியிலிருந்து ஆவணி வரையான காலத்தில், அதாவது சோளகம் வீசும் காலத்தில் நடந்தன. அது தற்செயலாக அமைந்தது, ஆனால் நல்லதாகப் போயிற்று.

கணக்கு எடுப்பதற்கு ஒரு எளிய வழி வைத்துக்கொண்டோம். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தனித்தனியாக மூன்று இடங்களை நினைவில் வைக்க வேண்டும். முதன்முதலாக இருப்பை நகர்த்தி உட்கார்ந்த இடம், எழும்பி நின்றால் நல்லது என்று தோன்றிய இடம், இனி நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்ற இடம். வலி எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஊரின் பெயரைக் கேட்டால் பொய் வராது.

பல்சரில் தம்பி பளையிலேயே முதல் தடவை நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். கிளிநொச்சியில் எழும்பி நிற்க வேண்டும் போலிருந்தது. மாங்குளத்துக்கு முன்னால் நிறுத்தினார். மனைவி அதற்கும் முதல், பரந்தனிலேயே தோளில் தட்டிவிட்டார். அவெஞ்சரில் நிலைமை வேறு. கிளிநொச்சி வரை தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை, சோபாவில் இருப்பதுபோல இருந்ததாம். ஆனால் மாங்குளத்தில் முதுகெலும்பின் அடிநுனி வலிக்கத் தொடங்கி, புளியங்குளத்தில் இறங்கியே ஆகவேண்டிய நிலை. மனைவிக்கோ முதுகுக்குச் சாய்மானம் இருந்ததால் ஓமந்தை வரை சுகம். ஹிமாலயனில் தம்பி கிளிநொச்சியில் ஒருமுறை நகர்ந்தார், வவுனியாவில்தான் நிறுத்தினார். மனைவிக்குப் புளியங்குளம் போதுமாயிற்று.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் கடையில் இரண்டு நிமிடம் ஏறி இருந்து பார்த்தால் பிழையான தீர்ப்பைத்தான் எடுப்போம்.

நாங்கள் இருக்கும்போது உடலின் பாரம் பின்பக்கச் சதையில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இடுப்பு எலும்பின் கீழே இருக்கும் இரண்டு முனைகளில்தான் அது இறங்குகிறது. மென்மையான ஸ்பொஞ் அந்த இரண்டு முனைகளையும் முதலில் அன்பாக வரவேற்கும். ஒரு மணித்தியாலம் போனதும் சூட்டிலும் அழுத்தத்திலும் அமுங்கி, முனைகள் கீழே உள்ள பிளாஸ்ரிக் தட்டைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குலுக்கலும் எலும்பில் நேராக விழும். கெட்டியான ஸ்பொஞ் இதற்கு நேரெதிர். கடையில் பலகைபோலத் தெரியும், 100 கிலோமீற்றர் கடந்த பிறகு அது செய்யும் உதவி தெரியும். ஆகவே சீற்றைப் பார்க்கும்போது முழங்காலை வைத்து முழுப் பாரத்தையும் ஒரே இடத்தில் கொடுத்து அழுத்திப் பாருங்கள். அடித்தட்டு தட்டுப்பட்டால் அந்த சீற் உங்களை வவுனியாவுக்குக் கொண்டுபோகாது.

இதை நான் கைக்காசு கொடுத்துப் படித்தேன். முன்பு என்னிடமிருந்த வண்டியின் சீற்றை ஒரு சீற் வேலைக்காரரிடம் கொடுத்து மெத்தென்று செய்து தரச் சொன்னேன். அவரும் சொன்னபடியே செய்தார். வீட்டு முற்றத்தில் ஏறி இருந்து பார்த்து மகிழ்ந்தேன். ஆனையிறவு தாண்டும்போது பழைய சீற்றை நினைத்து வருந்தினேன். பிறகு அதைக் கழற்றி, துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டி ஸ்பொஞ்சைக் கீழேயும், ஒரு விரலளவு மென்மையானதை மேலேயும் வைத்து, பின்பாதியை அகலமாக்கி மறுபடி செய்வித்தேன். சாய்வையும் கவனிக்க வேண்டியிருந்தது. முன்னால் சரிந்திருக்கும் சீற் ஒவ்வொரு பிரேக்கிலும் ஆளைத் தாங்கியை நோக்கித் தள்ளும். பிறகு கைகளால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்போம், அதனால் தோள்தான் முதலில் களைக்கும்.

அவெஞ்சரின் கதை சீற்றைப் பற்றியதல்ல, காலைப் பற்றியது. அதன் சீற் அகலம், 730 மில்லிமீற்றர் அளவில் பதிந்தும் இருக்கிறது, ஸ்பொஞ்சும் பரவாயில்லை. ஆனால் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ற் முன்னால் நீட்டியிருக்கிறது. கால் முன்னால் போனால் இடுப்பு பின்பக்கமாக உருளும், பாரம் அந்த இரண்டு எலும்பு முனைகளை விட்டு முதுகெலும்பின் அடிநுனிக்கு நகரும். அதைவிடப் பெரிய குறை, பள்ளம் வரும்போது எழும்ப முடியாது. கால் உடம்புக்குக் கீழே இருந்தால் பாலத்தின் விளிம்பையோ, வீதியில் இருக்கும் மேட்டையோ கண்டதும் முழங்காலை ஊன்றி ஒரு அங்குலம் உயர்ந்துவிடலாம், அடி முழங்காலில் கரைந்துவிடும். அவெஞ்சரில் அந்த அடி நேராக முதுகுக்கு வரும். ஹிமாலயனின் சீற் அவெஞ்சரைவிடக் கெட்டி, பார்வைக்கு ஒடுக்கம். அது வவுனியா வரை தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ஃபுட்ரெஸ்ற் இருக்கும் இடமும், நினைத்தபோது எழும்பி நின்று ஓட்ட முடிவதும்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துச் செக்கன் எழும்பி நின்றால் அமுங்கிய இடத்துக்கு இரத்தம் திரும்பி வரும்.

இங்கே கணக்கைப் பாருங்கள். இருவர் போகும் பயணத்தில் யார் முதலில் களைக்கிறாரோ அவர்தான் நிறுத்தத்தைத் தீர்மானிக்கிறார். பல்சரில் அது மனைவி, ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அவெஞ்சரில் தம்பி, ஹிமாலயனில் மனைவி, இரண்டிலும் புளியங்குளம், அதாவது 110 கிலோமீற்றர் அளவில். சீற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அவெஞ்சரும் ஹிமாலயனும் சமன். மனைவிக்கு அவெஞ்சர்தான் பிடித்திருந்தது. அவர் அதை மறைக்கவுமில்லை.

காற்றுத்தான் அந்தச் சமனை உடைத்தது.

சோளகக் காலத்தில் இந்த வீதியில் காற்று ஒரே மாதிரி இல்லை. ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பளையில் காற்றாடிகள் நிறுத்தியிருப்பது சும்மாவா? அங்கிருந்து வவுனியா வரை வீதி தெற்கே போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே வலது பக்கத்தால் தள்ளும். அநுராதபுரம் கடந்து புத்தளம் நோக்கித் திரும்பியதும் வீதியே தென்மேற்காகத் திரும்பிவிடுகிறது. அந்த 75 கிலோமீற்றரும் காற்று நேரே நெஞ்சில். யாழ்ப்பாணத்தவர் பலர் அந்தத் துண்டில்தான் "ஏன் இவ்வளவு களைப்பு" என்று யோசிக்கிறார்கள். காலையில் புறப்பட்டதால் வந்த களைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எதிர்க்காற்றின் கணக்கு எளியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஊர்மனைக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில் போகிறோம், 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுகிறது என்று வைப்போம். உடம்புக்குப் படுவது 90 கிலோமீற்றர் காற்று. தொண்ணூறை எழுபதால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.65 வரும். வேகமானியில் எதுவும் மாறவில்லை, ஆனால் நெஞ்சையும் தலையையும் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. பல்சரில் காற்றை மறைக்கும் முன் கண்ணாடி இல்லை. தம்பி கற்பிட்டிப் பக்கத்துக் காற்றைக் கையால் பிடித்துக்கொண்டு போனதுபோலத்தான் புத்தளம் சேர்ந்தார். கழுத்தும் முன்கையும் விறைத்துப்போயின.

அப்போ பெரிய கண்ணாடி உள்ள வண்டி நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. அவெஞ்சர் குரூஸில் உயரமான கண்ணாடி இருக்கிறது, புத்தளம் வீதியில் அது நன்றாக உதவியது. ஆனால் அந்தக் கண்ணாடி முன் ஃபோர்க்கோடு பூட்டப்பட்டது. ஹாண்டில் திரும்பினால் கண்ணாடியும் திரும்பும், அதேபோலக் கண்ணாடியைக் காற்றுத் தள்ளினால் ஹாண்டிலும் திரும்பும். ஆனையிறவில் பக்கக் காற்று விட்டுவிட்டு அடிக்கும்போது வண்டி சிறிது சிறிதாக இடது பக்கம் போனது. அதே நேரம் எதிரே ஒரு லொறி வந்தால், லொறியின் மறைவில் காற்று ஒரு கணம் நின்று மறுபடி அடிக்கும், ஹாண்டில் இரண்டு தடவை உதறும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். முழங்காலால் தாங்கியைப் பிடித்து, கையைத் தளர்வாக வைத்தால் வண்டி தானே நேராகும். ஹிமாலயனின் கண்ணாடி சிறியது, ஆனால் வண்டிச் சட்டத்தில் பூட்டப்பட்டது. காற்று அதைத் தள்ளினால் முழு வண்டியும் மெல்ல அசையும், ஹாண்டில் அசையாது. பக்கக் காற்றுள்ள ஊரில் இருப்பவர் கண்ணாடியின் உயரத்தைப் பார்ப்பதற்கு முதல் அது எதில் பூட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி ஹாண்டிலைத் திருப்பினால் போதும், கண்ணாடியும் கூடத் திரும்புகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உயரம் என்பது வண்டிக்குரியதல்ல, ஆளுக்குரியது. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று குழம்பிச் சுழலும். அந்தச் சுழல் தலைக்கவசத்தில் படும் உயரத்தில் உங்கள் தலை இருந்தால், கண்ணாடி இல்லாத வண்டியைவிட அது மோசமாக இருக்கும். தலை உதறும், தூரத்துப் பலகை இரண்டாகத் தெரியும், காதுக்குள் பறை அடிப்பதுபோல இருக்கும். என் உயரம் 5 அடி 9 அங்குலம். ஹிமாலயனில் எனக்கு அப்படித்தான் இருந்தது. தம்பி 5 அடி 4 அங்குலம். அவருக்கு அதே கண்ணாடி ஓரளவு அமைதியாக இருந்தது. இதைச் சோதிக்க நேரான வெறுமையான வீதியில் தலையை ஒரு கையளவு தாழ்த்திப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் கண்ணாடி உங்களுக்குக் குட்டை. எழும்பி நிற்கும்போது அடங்கினால், கண்ணாடி சுழலைக் கொண்டுவந்து உங்கள் தலையில் போடுகிறது, அதைத் தாழ்த்துவதோ கழற்றுவதோதான் நல்லது. நான் சீற்றை மறுபடி செய்வித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதில் சீற் இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு முன்பு இல்லாத இரைச்சல் வந்தது. சீற்றைத் திருத்திய இடத்தில் காற்றுக் கெட்டது.

இன்னொன்று, எங்கள் வெக்கைக்கு முழு மறைப்பு உதவாது. பனியில் ஓடும் நாட்டவர்களுக்குக் காற்றை முழுக்க மறைப்பது தேவை. வைகாசி மத்தியானத்தில் கிளிநொச்சி வெயிலில் நெஞ்சில் காற்றுப் படாமல் ஓடினால் வியர்வை காயாது, அரை மணித்தியாலத்தில் தலை கனக்கும். நெஞ்சுக்குக் காற்று வேண்டும், தலைக்கு வேண்டாம். சின்னக் கண்ணாடி எங்களுக்குப் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, தாங்கிக்கு வருவோம். பல்சரில் 15 லீற்றர் கொள்ளும். இருவரோடு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்று குறைத்து வைத்தாலும் 600 தாண்டும். அவெஞ்சரில் 13 லீற்றர் அளவில், லீற்றருக்கு 35 என்றால் 450. ஹிமாலயனிலும் 15 லீற்றர்தான், ஆனால் அது குடிக்கும். யாழ்ப்பாணத்தில் கழுத்து வரை நிரப்பி, புத்தளத்தில் மறுபடி அதே அளவுக்கு நிரப்பினோம். 268 கிலோமீற்றருக்கு 9.9 லீற்றர், லீற்றருக்கு 27. திரும்பி வரும்போது அதே துண்டுக்கு 8.9 லீற்றர், லீற்றருக்கு 30. வண்டியும் ஆளும் அவையே, வேகமும் ஏறக்குறைய அதே. போகும்போது நெஞ்சில் அடித்த சோளகம் வரும்போது முதுகைத் தள்ளியது, வித்தியாசத்தின் பெரும்பங்கு அதுதான். ஆகவே ஒருவர் "எனக்கு லீற்றருக்கு 30 ஓடுது" என்று சொன்னால், எந்தப் பக்கம் போகும்போது என்று கேளுங்கள்.

மூன்று லீற்றரைக் கைகாவலாக ஒதுக்கினால் ஹிமாலயனுக்கு எதிர்க்காற்றில் 324 கிலோமீற்றர். மூன்றிலும் இதுதான் குறைவு, கொழும்புக்குப் போதாது. ஆனால் இருவரும் 110 கிலோமீற்றருக்கு ஒருமுறை எப்படியும் இறங்கப்போகிறார்கள். புத்தளத்தில் கால் நீட்டும்போது நிரப்பினால் முடிந்தது. பல்சரின் 600 கிலோமீற்றரால் இந்தப் பயணத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பெரிய தாங்கிக்குப் பாரமும் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ அளவில் நிறுக்கும், 30 லீற்றர் தாங்கி உள்ள வெளிநாட்டுப் பெரிய வண்டிகள் 22 கிலோவை உயரத்தில் சுமந்துகொண்டு ஓடுகின்றன. பாலைவனம் கடப்பவருக்கு அது தேவை, எங்கள் தீவுக்குத் தேவையில்லை. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி வழியாக மன்னார் போகிறவர்களும், இரவில் முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்களும் புறப்படும் இடத்திலேயே நிரப்பிக்கொண்டால் போதும். அந்த வழிகளில் செட்டுகள் அடுத்தடுத்து வராது.

இனிச் சாமான். கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணத்தவர் வெறுங்கையோடு போவதில்லை. தம்பி வீட்டில் கட்டிவைத்ததை நான் தராசில் வைத்துப் பார்த்தேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி 8 கிலோ, நல்லெண்ணெய் இரண்டு போத்தல், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் சேர்த்து 6 கிலோ, உடுப்பு 7 கிலோ, மழைக்கோட்டு இரண்டு. 23 கிலோவுக்கு மேல். பல்சரில் இதை வைக்க இடமே இல்லை. பின்னால் கரியர் பூட்டி ஒரு பெட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்வது.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை பின்பெட்டிக்குள் 14 கிலோ போட்டுக்கொண்டு போனேன். மாங்குளம் தாண்டிய நேர் வீதியில் 75 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி வால் ஆட்டத் தொடங்கியது. காரணம் இதுதான். பின் சில்லின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் 14 கிலோ தொங்கினால், பின் சில்லில் அந்த 14 கிலோ மட்டும் கூடுவதில்லை. சீசோப் பலகைபோல முன் சில்லில் இருந்து ஏறக்குறைய 3 கிலோ குறைந்து பின்னுக்கு 17 ஆகிவிடும். முன் சில்லு இலேசானால் நேராக நிற்கும் பிடிப்புப் போய்விடும். உயரத்தில் இருக்கும் பாரம் அந்த ஆட்டத்தை வளர்க்கும். அப்போது பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. அக்சிலேற்றரை மெதுவாக விட்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, தாங்கியை முழங்காலால் இறுக்கினால் 60க்குக் கீழே தானே அடங்கும். புறப்படும் முன்பே இதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. இரவில் ஆட்களோடும் சாமானோடும் சுவருக்கு முன்னால் நிறுத்தி லைற்றைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் வழமையை விட மேலே ஏறியிருந்தால் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பின் சொக்கை இறுக்க வேண்டும், பின் ரயருக்குக் கைநூலில் இருவருக்கென்று சொன்ன காற்றை அடிக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஏறியிருந்தால் சாமானைக் குறைக்க வேண்டும்.

அவெஞ்சரில் சாய்மானம் இருப்பதால் பின்பெட்டி இன்னும் பின்னால் போய்விடும். பக்கப் பையைத் தொங்கவிட்டால் வலதுபக்கம் சைலன்சருக்கு மேல் வந்து நிற்கும், எங்கள் புழுக்கொடியல் பை சூட்டில் மணக்கத் தொடங்கியது. ஹிமாலயனில் பின்னால் கரியர் வரும்போதே இருக்கிறது, பக்கப் பெட்டிக்குச் சட்டம் பூட்டவும் இடம் இருக்கிறது. பக்கப் பெட்டியில் பாரம் அச்சுக்குக் கிட்டவும் தாழ்வாகவும் வரும். மாம்பழமும் எண்ணெயும் அங்கே, இரண்டு பக்கமும் ஒரே நிறையில். உடுப்பும் மழைக்கோட்டும் பின்பெட்டியில். மழைக்காலமென்றால் பெட்டியை நம்பாமல் உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பை போட்டுக் கட்டினால்தான் உடுப்புக் காய்ந்தபடி போய்ச் சேரும்.

இவ்வளவும் பார்த்தபின் தம்பி பாவித்த ஹிமாலயன் ஒன்றைத் தேடி வாங்கினார். அதற்கும் குறை இல்லாமல் இல்லை. சீற் 800 மில்லிமீற்றர் உயரம், வண்டி 200 கிலோவை நெருங்கும். அவருக்கு இரண்டு காலும் முழுதாக நிலத்தில் படாது. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், ஆகவே நீர்கொழும்பிலிருந்து ஜா-எல, வத்தளை நெரிசலுக்குள்ளால்தான் போக வேண்டும். அந்தக் கடைசி 40 கிலோமீற்றரில் நின்று நின்று போகும்போது பாரமான வண்டியும் இயந்திரச் சூடும் அவரை வாட்டுகின்றன. அந்த இடத்தில் மட்டும் பல்சரை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். முழுக் கொழும்புக்குள்ளேயே ஓடுகிறவருக்கு நான் ஹிமாலயனைச் சொல்லமாட்டேன்.

மீதி இருந்தது மனைவியின் புளியங்குளம். அவருக்கு அவெஞ்சரின் சாய்மானம் கிடைக்காத கவலை. பின்பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு கெட்டி ஸ்பொஞ் மெத்தை பூட்டினால் அதுவே சாய்மானம். ஆனால் சாய வசதியாக இருக்கப் பெட்டியை ஒரு சாண் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், அப்போது அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரமும் குறையும். ஊர் கராஜ் ஒன்றில் கரியரில் புதுத் துளை போட்டு அப்படியே முன்னுக்கு எடுத்துப் பூட்டினோம். பெட்டிக்குள் மழைக்கோட்டும் உடுப்பும் மட்டும், நிறை 6 கிலோவுக்கு மேல் போகாது என்று பேசிக்கொண்டார்கள். போன மாதம் போய்வந்து தம்பி தொலைபேசியில் சொன்னார்: "அண்ணை, இந்த முறை அவள் ஓமந்தையில்தான் முதல் நகர்ந்தாள். வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினது நான்தான்."